ரெசிடுவல் ப்ளாட் வளைந்திருக்கிறது, விரிந்தும் இருக்கிறது: நான்கு வழிகளில் எதை எடுப்பது?

ரிக்ரெஷன் போட்டுவிட்டு ரெசிடுவல் ப்ளாட்டைத் திறக்கிறீர்கள். புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்க வேண்டிய இடத்தில் ஒரு வளைவு தெரிகிறது. அல்லது இடப்பக்கம் குறுகி வலப்பக்கம் விரியும் புனல். பல சமயம் இரண்டும் சேர்ந்தே. ஒருவர் "லாக் எடு" என்கிறார், இன்னொருவர் "வர்க்கத்தைச் சேர்" என்கிறார், மூன்றாமவர் "ரோபஸ்ட் ஸ்டாண்டர்ட் எரர் போட்டால் போதும்" என்கிறார். மூவர் சொல்வதும் ஒரே நோய்க்கு மருந்தல்ல. அதனால்தான் குழப்பம்.

இதைப் பொதுவாகப் பேசினால் பிடிபடாது. R மென்பொருளோடு கூடவே வரும் `cars` என்ற தரவை எடுத்துக்கொள்கிறேன். 1920-களில் பதிவான 50 அளவீடுகள். கார் எவ்வளவு வேகத்தில் போனது (மணிக்கு மைல்), நிற்க எவ்வளவு தூரம் எடுத்தது (அடி) என்ற இரண்டே பத்திகள். நீங்களும் உடனே போட்டுப் பார்க்கலாம்:

```r
m <- lm(dist ~ speed, data = cars)
summary(m)
plot(m, which = c(1, 3))
```

தூரம் = −17.58 + 3.93 × வேகம் என்று கோடு வருகிறது. R² 0.65. ரெசிடுவல்களின் திட்ட விலக்கம் 15.4 அடி. எண்களை மட்டும் பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது. படத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

## முதலில் படத்தை எண்ணாக மாற்றுங்கள்

ரெசிடுவல் என்பது உண்மையில் அளந்த தூரத்திலிருந்து மாடல் சொன்ன தூரத்தைக் கழித்தால் நிற்கும் மிச்சம். படத்தில் உள்ள சிவப்புக் கோட்டை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஓரங்களில் புள்ளிகள் குறைவு என்பதால் அது அங்கே இஷ்டத்துக்கு ஆடும். புனலும் அப்படித்தான் ஏமாற்றும்: வலப்பக்கம் புள்ளிகள் அதிகம் இருந்தாலே, சிதறல் ஒன்றாக இருந்தாலும், விரிந்ததுபோல் கண்ணுக்குத் தெரியும்.

அதனால் நான் வேகத்தை மூன்று துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு கணக்குப் பார்ப்பேன். ஒன்று, ரெசிடுவல்களின் சராசரி. இன்னொன்று, அவற்றை வர்க்கித்துச் சராசரி எடுத்து வர்க்கமூலம் போட்டால் வரும் சராசரி அளவு.

| வேகம் | புள்ளிகள் | ரெசிடுவல் சராசரி | ரெசிடுவலின் அளவு |
|---|---|---|---|
| 4 முதல் 10 வரை | 9 | +3.2 அடி | சுமார் 8 அடி |
| 11 முதல் 17 வரை | 22 | −2.3 அடி | (நடுவில்) |
| 18 முதல் 25 வரை | 19 | +1.1 அடி | சுமார் 18 அடி |

சராசரிப் பத்தியைப் பாருங்கள். கூட்டல், கழித்தல், மறுபடி கூட்டல். அதுதான் வளைவு. இரு ஓரங்களிலும் கோடு தாழ்ந்தும், நடுவில் உயர்ந்தும் ஓடுகிறது. ஆனால் 2, 3 அடி என்பது லேசான வளைவுதான். கடைசிப் பத்தியில் 8 அடி 18 அடியாகிறது. அதுதான் புனல். இது புள்ளிகளின் எண்ணிக்கையால் வந்த மாயை இல்லை, ஏனென்றால் சராசரி எடுத்துவிட்டோம்.

இந்த இரண்டும் சொல்லும் சேதி வேறு வேறு. வளைவு சொல்வது: "நீ போட்ட கோடே தப்பு, சராசரி இந்த வழியில் போகவில்லை." புனல் சொல்வது: "கோடு சரியாக இருக்கலாம், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவு சிதறல் என்று நீ வைத்துக்கொண்ட அனுமானம் தப்பு." முதலாவதில் கெடுவது மதிப்பீடு. இரண்டாவதில் கெடுவது அந்த மதிப்பீட்டைச் சுற்றி நாம் சொல்லும் நம்பிக்கை எல்லைகள்.

டெஸ்ட் போட்டுத் தீர்மானிக்கலாமே என்பீர்கள். 1979-இல் வந்த ப்ரூஷ்–பேகன் சோதனை புனலைத்தான் தேடுகிறது. ஆனால் `cars` தரவில் `car` பேக்கேஜின் `ncvTest(m)` p = 0.031 என்கிறது. `lmtest` பேக்கேஜின் `bptest(m)` p = 0.073 என்கிறது. இரண்டும் அதே சோதனைதான்; பின்னது, ரெசிடுவல்கள் நார்மலாக இல்லாவிட்டாலும் தாங்கும்படி 1981-இல் கோயென்கர் திருத்திய வடிவம். 0.05 என்ற கோட்டின் இரு பக்கமும் இரண்டு விடை! எந்த பேக்கேஜை ஏற்றினோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறக் கூடாது. 50 புள்ளிகளில் இந்தச் சோதனைக்குப் பலம் குறைவு. மேலே உள்ள 8-க்கு எதிர் 18 என்ற கணக்கையே நான் அதிகம் நம்புகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

வழிகளைப் பார்க்கும் முன் நான்கு கேள்விகள். இவற்றுக்குப் பதில் இல்லாமல் வழியைத் தேர்ந்தெடுக்க முடியாது.

வளைவைச் சரிசெய்கிறதா? புனலைச் சரிசெய்கிறதா? விடை அடியிலேயே வருகிறதா, இல்லை வேறு அளவுக்குப் போய்த் திரும்பி வர வேண்டுமா? கடைசியாக, உங்களுக்கு வேண்டியது சராசரி உறவா, ஒரு தனிக் காருக்கான வரம்பா?

இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். "வேகம் ஒரு மைல் கூடினால் சராசரியாக எத்தனை அடி கூடும்?" என்று கேட்டால் புனல் பெரிய தொல்லை இல்லை. "24 மைல் வேகத்தில் வரும் ஒரு கார் எத்தனை அடிக்குள் நிற்கும்?" என்று கேட்டால் புனல்தான் எல்லாமே.

## வழி 1: கோட்டை அப்படியே வைத்துக்கொண்டு ரோபஸ்ட் ஸ்டாண்டர்ட் எரர்

```r
library(lmtest); library(sandwich)
coeftest(m, vcov = vcovHC(m, type = "HC3"))
```

ஒரு வரி வேலை. கோடு அப்படியே இருக்கும், சரிவும் 3.93 ஆகவே இருக்கும். அந்தச் சரிவைச் சுற்றியுள்ள ஸ்டாண்டர்ட் எரர் மட்டும், சிதறல் இடத்துக்கு இடம் மாறுவதைக் கணக்கில் கொண்டு வரும். சிறிய தரவுக்கு `HC3` வகையை எடுங்கள். முதலில் வந்த `HC0` சிறிய தரவில் ஸ்டாண்டர்ட் எரரைக் குறைத்துக் காட்டிவிடும்.

இதன் மறைமுக விலை இரண்டு. வளைவுக்கு இது எதுவும் செய்யாது. தப்பான கோட்டுக்குச் சரியான ஸ்டாண்டர்ட் எரர் கொடுப்பதால் கோடு நேராகிவிடாது. 4 மைல் வேகத்துக்கு நம் கோடு சொல்லும் தூரம் −1.85 அடி. எந்தக் காரும் கழித்தல் தூரத்தில் நிற்காது. ரோபஸ்ட் போட்ட பிறகும் அதே −1.85 தான்.

இரண்டாவது, தனிக் காருக்கான வரம்பு மாறாது. `predict(..., interval = "prediction")` பழைய 15.4 அடியையே எல்லா வேகத்துக்கும் எடுத்துக்கொள்ளும். 4 மைலுக்கு −34 முதல் 31 அடி என்றும், 24 மைலுக்கு 45 முதல் 109 அடி என்றும் சொல்லும். தரவில் 24 மைலில் ஒரு கார் 120 அடி போயிருக்கிறது. மெதுவாகப் போகும் இடத்தில் தேவைக்கு மேல் அகலமும், வேகமாகப் போகும் இடத்தில் போதாத அகலமும் தரும் வரம்பு இது. ஆபத்து எந்தப் பக்கம் என்று யோசித்துப் பாருங்கள்.

வளைவு இல்லை, புனல் மட்டும் உண்டு, தரவு நிறைய இருக்கிறது, வேண்டியது சரிவு மட்டும் என்றால் இதுதான் சிறந்த வழி. நம் விஷயத்தில் அப்படி இல்லை.

## வழி 2: வர்க்கத்தைச் சேர்ப்பது

வளைவுக்கு நேரடி மருந்து இதுதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு `I(speed^2)` சேர்த்தால் வருவது இது: வர்க்கத்தின் p மதிப்பு 0.136. வேகத்தின் கெழு 0.91, அதன் ஸ்டாண்டர்ட் எரர் 2.03. அதாவது பிழை, மதிப்பைவிட இரு மடங்கு. இங்கேதான் பலர் "வர்க்கம் தேவையில்லை போலிருக்கிறது" என்று திரும்பிவிடுகிறார்கள்.

நான் திரும்ப மாட்டேன். காரணம், கார் நிற்பதைப் பற்றி நமக்கு முன்பே தெரியும். ஓட்டுநர் சுதாரித்து பிரேக்கை மிதிக்கும்வரை கார் போகும் தூரம் வேகத்துக்கு நேர்விகிதம். பிரேக் பிடித்த பின் போகும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். வேகம் 0 என்றால் தூரம் 0. ஆக, வெட்டுத்துண்டே வேண்டாம்:

```r
q <- lm(dist ~ 0 + speed + I(speed^2), data = cars)
```

இப்போது தூரம் = 1.239 × வேகம் + 0.0901 × வேகம்². ஸ்டாண்டர்ட் எரர்கள் 0.560, 0.0294. வர்க்கத்தின் p மதிப்பு 0.004-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. தரவு அதேதான், தேவையில்லாத ஒரு கெழுவை எடுத்ததும் மற்ற இரண்டும் தெளிந்துவிட்டன. 4 மைலுக்கு 6.4 அடி என்று வருகிறது, கழித்தல் இல்லை.

இதில் எனக்குப் பிடித்த ஒரு சரிபார்ப்பு உண்டு. மணிக்கு 1 மைல் என்பது வினாடிக்கு 1.467 அடி. 1.239-ஐ 1.467-ஆல் வகுத்தால் 0.84 வினாடி. அளந்த தூரத்தில் சுதாரிக்கும் நேரமும் சேர்ந்திருந்தால், ஒரு மனிதன் சுதாரிக்க எடுக்கும் நேரமாக இது பொருந்துகிறது. வர்க்கக் கெழுவிலிருந்து பிரேக்கின் பலத்தைக் கணக்கிட்டால் புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறக்குறைய 0.37 பங்கு வருகிறது. அந்தக் காலத்து பிரேக்குக்கு நம்பக்கூடிய எண். கெழுக்களுக்கு இப்படிப் பொருள் கிடைக்கும்போது மாடலை விட மனசு வராது.

ஒரு பொறி: வெட்டுத்துண்டை எடுத்ததும் R² 0.91 என்று காட்டும். முந்தைய 0.65-உடன் ஒப்பிட்டு மகிழ்ந்துவிடாதீர்கள். வெட்டுத்துண்டு இல்லாத மாடலில் R² சராசரியிலிருந்து அளக்கப்படாமல் பூஜ்யத்திலிருந்து அளக்கப்படுகிறது. உண்மையான மாற்றத்தை ரெசிடுவல் திட்ட விலக்கம் காட்டும்: 15.38, இப்போது 15.02. அவ்வளவுதான்.

அப்புறம், புனல்? அப்படியே இருக்கிறது. இந்த வழி அதைத் தொடவே இல்லை. வேகம் 0 என்றால் தூரம் 0 என்பதுபோல உறுதியான காரணம் இல்லாத தரவில் வெட்டுத்துண்டை எடுக்கவும் கூடாது.

## வழி 3: தூரத்தையே உருமாற்றுவது

வளைவும் புனலும் ஒன்றாக வரும்போது, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கும் வழி இது. ஆனால் எந்தக் கல் என்பது முக்கியம். வழக்கமாக எல்லாரும் எடுப்பது லாக். இரு பக்கமும் லாக் எடுத்தால் R² 0.73 வருகிறது, பார்க்க அழகாக இருக்கிறது. ரெசிடுவல்களைப் பாருங்கள்: 7 மைலில் உள்ள இரண்டு கார்களுக்கு −1.00, +0.70. 4 மைலில் −0.80, +0.81. 24 மைலில் உள்ள நான்கு கார்களுக்கு −0.11 முதல் +0.42 வரைதான். புனல் போகவில்லை, தலைகீழாகத் திரும்பிவிட்டது. இப்போது இடப்பக்கம் அகலம், வலப்பக்கம் குறுகல். லாக் அளவுக்கு மீறி அழுத்திவிட்டது.

வர்க்கமூலம் அதைவிட மென்மையானது:

```r
s <- lm(sqrt(dist) ~ speed, data = cars)
```

7 மைலில் −1.53, +1.16. 24 மைலில் −0.65 முதல் +1.94 வரை. 20 மைலில் மிகக் கீழே −2.07. முன்பு இரு மடங்குக்கு மேல் இருந்த வித்தியாசம் பெருமளவு அடங்கிவிட்டது. வளைவும் நேராகிறது, ஏனென்றால் வர்க்கத்தை ஒத்து வளரும் ஒன்றின் வர்க்கமூலம் ஏறக்குறைய நேர்கோடு. வரம்புகளும் நம்பும்படி வருகின்றன: 4 மைலுக்கு 0 முதல் 24 அடி, 24 மைலுக்கு 45 முதல் 128 அடி. தரவிலுள்ள 120 உள்ளே அடங்குகிறது.

விலை எங்கே? திரும்பி வரும் வழியில். வர்க்கமூலத்தின் சராசரியை வர்க்கித்தால் தூரத்தின் சராசரி கிடைக்காது, கொஞ்சம் குறைவாக வரும். குறையும் அளவு ரெசிடுவல் திட்ட விலக்கத்தின் வர்க்கம்: 1.102² = 1.2 அடி. 24 மைலுக்கு 81.3 என்பதை 82.5 என்று திருத்த வேண்டும். சின்னத் திருத்தம்தான். லாக்கில் இதே தவறு பெரிதாகும்: 24 மைலுக்கு 78.5 அடி என்று வருவதை 85.2 ஆக்க வேண்டும், 8 சதவீதத்துக்கு மேல். இதைச் செய்யாமல் அறிக்கை எழுதினால் எல்லாக் கணிப்பும் ஒரே பக்கமாகக் குறைந்தே நிற்கும், யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

இன்னொரு விலை, பேச்சில். "வேகம் ஒரு மைல் கூடினால் தூரத்தின் வர்க்கமூலம் 0.32 கூடும்" என்ற வாக்கியத்தை யாரிடம் சொல்ல முடியும்? லாக்குக்காவது சதவீதம் என்ற விளக்கம் உண்டு. வர்க்கமூலத்துக்கு அதுவும் இல்லை.

## வழி 4: எடை போட்ட ரிக்ரெஷன்

இது புனலை அதன் இடத்திலேயே எதிர்கொள்கிறது. சிதறல் வேகத்தோடு வளர்கிறது என்றால், சிதறல் அதிகமான புள்ளிகளுக்குக் குறைந்த எடை கொடு. திட்ட விலக்கம் வேகத்துக்கு நேர்விகிதம் என்று கொண்டால் எடை 1/வேகம்²:

```r
w <- lm(dist ~ 0 + speed + I(speed^2),
        data = cars, weights = 1/speed^2)
```

வளைவுக்கு வழி 2-இன் வடிவம், புனலுக்கு எடை. விடை: 1.261, 0.0890. வழி 2-இல் வந்த 1.239, 0.0901-உடன் ஒப்பிடுங்கள். ஏறக்குறைய அதேதான். புனல் கோட்டைக் கெடுப்பதில்லை என்று மேலே சொன்னது இங்கே கண்ணெதிரே தெரிகிறது. மாறியது ஸ்டாண்டர்ட் எரர்: வேகக் கெழுவுக்கு 0.560 என்பது 0.426 ஆகிறது. அதே 50 அளவீட்டிலிருந்து கூடுதல் துல்லியம் கிடைத்திருக்கிறது.

சிதறலுக்கும் இப்போது ஒரு சூத்திரம் கையில் இருக்கிறது: திட்ட விலக்கம் சுமார் 0.97 × வேகம் அடி. 4 மைலில் 4 அடி, 24 மைலில் 23 அடி. வரம்பு 4 மைலுக்கு −2 முதல் 15 அடி, 24 மைலுக்கு 33 முதல் 130 அடி. கீழ்முனை லேசாகக் கழித்தலில் போவது குறைதான், ஆனால் −34 எங்கே, −2 எங்கே.

மறைமுக விலை எடையில் இருக்கிறது. 4 மைல் வேகப் புள்ளி ஒன்று, 24 மைல் வேகப் புள்ளி 36-க்குச் சமமாகிறது. தரவில் 10 மைலுக்குக் கீழே 6 புள்ளிகள்தான் உண்டு. அவற்றில் ஒன்றை யாராவது இரண்டு மூன்று அடி தப்பாக அளந்திருந்தால், அந்தத் தவறுக்கு நாம் தலைமைப் பதவி கொடுத்துவிடுகிறோம். அதனால் 1/வேகம், 1/வேகம்² இரண்டையும் போட்டுப் பாருங்கள். கெழுக்கள் அதிகம் ஆடினால் எடையை நம்ப வேண்டாம்.

ஒரு நடைமுறை எச்சரிக்கையும் சேர்க்கிறேன். புதிய படத்தை `resid(w)` கொண்டு வரைந்தால் புனல் பழையபடியே தெரியும். அது எடை சேராத ரெசிடுவல். `rstandard(w)` கொண்டு வரைய வேண்டும். எடை வேலை செய்யவில்லை என்று இதனாலேயே நினைத்து விட்டுவிட்டவர்கள் உண்டு.

## ஒரே பார்வையில்

| | வளைவு | புனல் | விடையின் அளவு | 24 மைலில் ஒரு காருக்கான வரம்பு |
|---|---|---|---|---|
| ரோபஸ்ட் | தொடாது | ஸ்டாண்டர்ட் எரரில் மட்டும் | அடி | 45–109 |
| வர்க்கம் | சரிசெய்யும் | தொடாது | அடி | புனல் இருப்பதால் நம்ப முடியாது |
| வர்க்கமூலம் | சரிசெய்யும் | பெருமளவு அடக்கும் | திரும்பி வர வேண்டும் | 45–128 |
| வர்க்கம் + எடை | சரிசெய்யும் | சரிசெய்யும் | அடி | 33–130 |

`cars` தரவுக்கு நான் எடுப்பது நான்காவது. கெழுக்களுக்குப் பொருள் இருக்கிறது, விடை அடியில் வருகிறது, வரம்பு வேகத்தோடு விரிகிறது. ஆனால் வடிவத்தைப் பற்றி முன்கூட்டி எதுவும் தெரியாத தரவு, அதில் வளைவும் புனலும் சேர்ந்து இருக்கின்றன, கணிப்பு மட்டும் போதும் என்றால் வர்க்கமூலத்தைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பேன். வரிசையும் முக்கியம்: வளைவை முதலில் சரிசெய்யுங்கள். தப்பான கோட்டிலிருந்து ஓரத்தில் விலகும் புள்ளிகளே சில சமயம் புனல்போலத் தெரியும். கோடு சரியானதும் அது தானே மறைந்துவிடும்.

எந்த வழியும் தீர்க்காத ஒன்று இந்தப் படத்தில் இருக்கிறது. 23-ஆவது வரிசை: 14 மைல் வேகம், 80 அடி தூரம். அதே வேகத்தில் மற்ற மூன்று கார்களும் 26, 36, 60 அடியில் நின்றிருக்கின்றன. சாதாரணக் கோட்டில் இது 2.8 திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறது. வர்க்கமூலத்தில் 2.9. எடை போட்டபின் 3.3. மாடல் ஒழுங்காக ஆக அந்தப் புள்ளி இன்னும் துருத்திக்கொண்டு தெரிகிறது. ஈரச் சாலையா, தேய்ந்த பிரேக்கா என்று கேட்க 1920-களுக்குப் போக முடியாது. உங்கள் தரவில் அப்படி ஒரு புள்ளி இருந்தால், உருமாற்றத்தை மாற்றி மாற்றிப் போடுவதை நிறுத்திவிட்டு அந்த வரிசையின் மூலப் பதிவை எடுத்துப் பாருங்கள்.